மூன்றாவது சில்லரை ஓட்டும் முன் டிகப்ளரைப் பாருங்கள்

வேலூரில் ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. மே மாதம், மாலை ஏழு மணி. பிளான்ட் ரூமில் ஏ.சி.க்கான தண்ணீரைக் குளிரவைக்கும் 150 டன் சில்லர் மூன்று இருக்கின்றன, அப்போது ஓடியது இரண்டு. "தண்ணி சூடா கீது சார், மூணாவதையும் போட்டுடலாமா?" என்றார் ஆபரேட்டர். தினமும் அந்த நேரத்துக்கு அப்படித்தான் செய்வார்களாம். போட்டால் தண்ணீர் சரியாகிவிடும், புகார் நின்றுவிடும். மின்கட்டணம் வரும்போதுதான் மேலாளருக்கு முகம் மாறும்.

அன்று சுமை 200 டன்தான். ஓடிய இரண்டு சில்லர்களின் திறன் 300 டன். பிறகு எதற்கு மூன்றாவது?

விடை டிகப்ளரில் இருந்தது. சில்லர்கள் இருக்கும் பிரைமரி பக்கத்தில் ஒவ்வொரு சில்லருக்கும் ஒரு பம்ப், அதன் ஓட்டம் மாறாதது. செகண்டரி பம்புகள் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யில் ஓடி, மாடிகளில் காற்றைக் குளிரவைக்கும் ஏ.எச்.யு.க்கள் கேட்கும் அளவுக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. இரண்டு ஓட்டங்களும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வித்தியாசத்தைத் தாங்கத்தான் சப்ளை ஹெட்டரையும் ரிட்டர்ன் ஹெட்டரையும் இணைக்கும் அந்தக் குட்டைக் குழாய், அதாவது டிகப்ளர். பிரைமரி அதிகமானால் மிச்சக் குளிர்நீர் சப்ளையிலிருந்து ரிட்டர்னுக்குப் போகும். அதனால் பெரிய கேடு இல்லை. செகண்டரி அதிகமானால் ரிட்டர்னின் வெதுவெதுப்பான நீர் எதிர்த்திசையில் ஏறி சப்ளையில் கலந்துவிடும். சங்கடம் இங்கேதான்.

அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பு 7 டிகிரி சப்ளை, 12.5 டிகிரி ரிட்டர்ன். அதாவது இரண்டுக்குமான வித்தியாசம், டெல்டா டி, 5.5. கணக்குக்கு ஒரே சூத்திரம் போதும், இதில் TR என்பது டன்:

```
TR = m³/h × ΔT / 3.024
```

இதன்படி ஒரு சில்லருக்கு மணிக்கு 82.5 கன மீட்டர், இரண்டுக்கு 165. ஆனால் அன்று செகண்டரியில் டெல்டா டி 3.2 டிகிரிதான். 200 டன்னைச் சுமக்க 189 கன மீட்டர் ஓட வேண்டியிருந்தது. பற்றாமல் போன 24 கன மீட்டர் டிகப்ளர் வழியே ரிட்டர்னிலிருந்து ஏறியது. சில்லர்கள் 7 டிகிரியில் அனுப்பிய நீர், கட்டடத்துக்குப் போகும்போது ஏறக்குறைய 7.5. இது சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் சப்ளை சூடானால் ஏ.எச்.யு. வால்வுகள் இன்னும் திறக்கும், ஓட்டம் கூடும், எதிரோட்டமும் கூடும். அதே வேளையில் இரண்டு சில்லர்களும் மூன்றில் இரண்டு பங்கு சுமையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ரிட்டர்ன் நீர் போதிய சூட்டோடு வராதபோது சில்லர் தன் முழு வேலையைச் செய்ய வழியே இல்லை.

மூன்றாவதைப் போட்டால் பிரைமரி 247.5 ஆகிறது, எதிரோட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சில்லரும் 67 டன்னில், பாதிக்கும் கீழே ஓடுகிறது. கூடவே ஒரு பிரைமரி பம்ப், ஒரு கண்டென்சர் பம்ப், ஒரு கூலிங் டவர் விசிறி. முதல் தவறு இதுதான்: தண்ணீர் சூடானதைத் திறன் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், நான்கு தெர்மாமீட்டர் போதும். சில்லரிலிருந்து வரும் நீரைவிட செகண்டரி சப்ளை சூடாக இருந்தால் டிகப்ளரில் எதிரோட்டம். கட்டடத்திலிருந்து திரும்பும் நீரைவிட சில்லருக்குள் போகும் நீர் குளிர்ந்திருந்தால் மிச்ச ஓட்டம். கட்டடத்தின் கருவிகளைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். திரையில் பல இடங்களில் டிகப்ளருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சென்சார் வைத்திருப்பார்கள், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது தவறு, காரணத்தைப் பிளான்ட் ரூமுக்குள் தேடுவது. ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். 18 ஏ.எச்.யு.க்களில் ஆறு, அலுவலகம் முடிந்ததும் அணைக்கப்பட்டிருந்தன. நான்காம் மாடியில் அப்படி ஒன்றின் சப்ளைக் குழாயில் ஒரு கை, ரிட்டர்ன் குழாயில் ஒரு கை வைக்கச் சொன்னேன். காப்பு உரிந்த இடத்தில் இரண்டும் ஒரே ஜில். விசிறி நின்றிருக்கிறது, ஆனால் வால்வு முழுதாகத் திறந்தே கிடக்கிறது. காற்றே ஓடாத காயிலுக்குள் தண்ணீர் நுழைந்து அப்படியே திரும்புகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 11 கன மீட்டர் என்று வைத்தால் ஆறுக்குமாகச் சுமார் 66 கன மீட்டர். ஒரு சில்லரின் ஓட்டத்தில் முக்கால்வாசிக்கும் மேல், ஒரு டன் வேலைகூடச் செய்யாமல்.

விசிறி அணைந்தால் வால்வு மூட வேண்டும் என்ற இன்டர்லாக், பழைய பேனலை மாற்றியபோது விட்டுப்போயிருந்தது. ஒயர் இழுத்துச் சரிசெய்ததும் செகண்டரி ஓட்டம் 121-க்கு வந்தது, டெல்டா டி 5-ஐத் தொட்டது. இரண்டு சில்லர்கள் போதுமானது மட்டுமல்ல, டிகப்ளரில் 44 கன மீட்டர் சரியான திசையில் மிச்சமாகவும் ஓடியது.

இன்டர்லாக் இருந்தும் வால்வு மூடாமல் கசியும் கட்டடங்களும் உண்டு. அங்கே பெரும்பாலும் செகண்டரி பம்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் டிஃபரன்ஷியல் பிரஷர் செட்பாயின்டைத்தான் சந்தேகிப்பேன். சென்சாரைக் கடைசி ஏ.எச்.யு. அருகே வைக்காமல், வசதிக்காகப் பம்புக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். பிறகு எங்கோ ஒரு அறையில் குளிர் போதவில்லை என்றதும் செட்பாயின்டை ஏற்றிவிடுவார்கள். அதைத் திரும்ப இறக்குபவர் யாரும் இல்லை. சுமை குறைந்த நேரத்தில் அத்தனை அழுத்தமும் வால்வின் மேல் விழும். ஆக்சுவேட்டரின் பலம் போதாமல் வால்வு இருக்கையிலிருந்து தூக்கிக்கொள்ளும். திரையில் பூஜ்யம் சதவீதம் என்று காட்டும், குழாயோ ஜில்லென்றிருக்கும்.

ஏ.எச்.யு.வில் பழைய த்ரீ-வே வால்வு மாட்டியிருந்தால் அது பைபாஸ் வழியே குளிர்நீரைத் திருப்பி அனுப்புவது அதன் பிறவிக் குணம். அதை டூ-வே ஆக்க வேண்டும், இல்லையேல் பைபாஸை அடைக்க வேண்டும். இதில் விவாதம் இல்லை.

தெர்மோஸ்டாட்டில்தான் எனக்குக் கோபம் வரும். வேலூர் வெயிலில் பைக்கில் வந்து இறங்குபவர் 24-ஐ 18 ஆக்குவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் காயிலால் அறையை 18-க்குக் கொண்டுவரவே முடியாது. எனவே வால்வு நாள் முழுதும் நூறு சதவீதத்திலேயே நிற்கும். ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினாலும் காயில் தரும் குளிர்ச்சி கொஞ்சம்தான் கூடும். மற்றபடி தண்ணீர் சூடாக நேரமில்லாமல் திரும்பிவிடும். பி.எம்.எஸ்.ஸில் செட்பாயின்டுக்கு 22 என்று கீழ் எல்லை போட்டுவிடுங்கள். புழுதி அடைத்த காயிலும் இதே நோயைத்தான் தரும். ஃபில்டரைக் கழற்றி உதறிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் காயிலைத் திரும்பியும் பார்க்காத வழக்கம் இங்கே அதிகம்.

கடைசியாக, எதிரோட்டத்தைக் கண்டதும் சிலர் டிகப்ளரில் உள்ள பட்டர்ஃபிளை வால்வைச் சுற்றி மூடிவிடுகிறார்கள். மூடிய அந்தக் கணம் பிரைமரியும் செகண்டரியும் ஒரே வரிசையில் தொடர் பம்புகளாகிவிடும். பகலில் சில்லருக்குள் அளவுக்கு மீறி ஓடும். இரவில் ஏ.எச்.யு. வால்வுகள் மூடிக்கொண்டே வர, சில்லர் ஓட்டம் சரிந்து ஃப்ளோ ஸ்விட்ச் டிரிப் அடிக்கும். இந்தக் கட்டடத்திலும் அந்த வால்வு பாதி மூடியிருந்தது. முழுதாகத் திறந்து, கைப்பிடியைக் கழற்றி ஆபரேட்டரின் மேசை டிராயரில் போட்டுவிட்டு வந்தேன்.