டிரம்ஸ் நொட்டேஷனை நெடுக்காகப் படிக்கத் தவறுவது: ராக் தாளத்தில் கைகால் பிசகும் இடங்கள்

டிரம்ஸ் நொட்டேஷனைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரு புத்தகத்தின் வரிகளைப் போல இடமிருந்து வலமாக மட்டுமே படிக்கிறார்கள். முதலில் மேலே உள்ள ஹை-ஹாட் வரிசையைக் கையில் ஏற்றுகிறார்கள், பிறகு ஸ்னேரைத் தனியாகவும் கிக்கைத் தனியாகவும் பழகிக்கொண்டு, கடைசியில் மூன்றையும் ஒட்டப் பார்க்கிறார்கள். ஒட்டாமல் போவதற்குக் காலோ கையோ காரணம் அன்று. ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியவை தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதை நெடுக்காகப் பார்க்கத் தவறியதே காரணம்.

ஐந்து கோடுகளுக்கு மேலே பெருக்கல் குறி போன்ற தலையுடன் இருப்பது ஹை-ஹாட். கீழிருந்து மூன்றாவது இடைவெளியில் ஸ்னேரும், அடியில் உள்ள முதல் இடைவெளியில் கிக் என்னும் பேஸ் டிரம்மும் இருக்கும். கோடுகளுக்கும் கீழே பெருக்கல் குறி இருந்தால், அது ஹை-ஹாட்டை இடது காலால் மூட வேண்டும் என்பதைக் குறிக்கும். அதையும் குச்சியால் அடிப்பவர்கள் உண்டு. இந்த இடங்கள் எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், முதல் பக்கத்தில் தரப்படும் குறிவிளக்கத்தைப் பார்க்காமல் தொடங்குவதும் ஒரு தவறுதான்.

ஒரு எளிய ராக் தாளத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பீட் கொண்ட ஒரு பாரில் ஹை-ஹாட் எட்டு முறை விழுகிறது. ‘ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட்’ என்று எண்ணினால் எட்டு நெடுவரிசைகள் கிடைக்கும். ஸ்னேர் ‘டூ’விலும் ‘ஃபோர்’இலும், அதாவது மூன்றாவது, ஏழாவது வரிசைகளில் வரும். கிக் ‘ஒன்’னிலும், டூவை அடுத்த ‘அண்ட்’டிலும், ‘த்ரீ’யிலும், அதாவது ஒன்று, நான்கு, ஐந்து ஆகிய வரிசைகளில் வரும்.

இதில் தடுமாற்றம் வருவது மூன்றாவது வரிசையில்தான். கிக்கின் தண்டுகளைக் கீழ்நோக்கித் தனிக் குரலாக எழுதியிருந்தால், ஸ்னேருக்கு நேர் கீழே காலுக்கென ஓர் அரை பீட் ரெஸ்ட் குறி நிற்கும். அந்த ஓய்வு காலுக்கு மட்டுமே உரியது. ஆனால் அதைக் கண்டதும் முழு உடலையும் ஒரு கணம் நிறுத்துபவர்கள் பலர். ஹை-ஹாட்டும் ஸ்னேரும் அங்கே தயங்கினால், அடுத்த ‘அண்ட்’டில் வர வேண்டிய கிக் பிந்திவிடுகிறது, அதை ஈடுகட்ட ஐந்தாவது வரிசை அவசரமாக விழுகிறது.

நான்காவது வரிசையில் வேறொரு பிசகு காத்திருக்கிறது. அங்கே கால் அழுத்தும்போது, சற்று முன் அடித்த இடது கையும் துணைக்கு வந்து ஸ்னேரை இன்னொரு முறை தட்டிவிடும். அல்லது வலது கை ஹை-ஹாட்டை விட்டுவிட்டுக் காலை வேடிக்கை பார்க்கும். இதற்காக முழு பாரையும் திரும்பத் திரும்ப வாசிப்பது, சரியாக வரும் ஐந்து வரிசைகளோடு தவறையும் சேர்த்துப் பழகுவதாகும் என்பது என் கருத்து. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வரிசைகளை மட்டும் எடுத்து, ‘இரண்டு கை, கை கால், கை கால்’ என்று வாயால் சொல்லியபடி வாசித்து நிறுத்த வேண்டும். இடையில் தடுமாறாமல் மூன்று முறை வந்த பிறகு இரண்டாவது வரிசையை முன்னாலும் ஆறாவதைப் பின்னாலும் சேர்க்கலாம்.

மெட்ரோனோமை 60இல் வைத்தால் ஒரு பீட்டுக்கு ஒரு வினாடி. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஹை-ஹாட் இரண்டு முறை விழ வேண்டும். ஒரு கிளிக்குக்கு ஒரு முறை மட்டும் அடிப்பவர், தாளத்தைப் பாதி வேகத்தில் வாசித்துக்கொண்டு சரியாக வாசிப்பதாகவே நம்புவார். ஒரு பார் நான்கு வினாடியில் முடிகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

கையும் காலும் சேர்ந்து விழுகின்றனவா என்பதை வாசிக்கும்போதே காதால் கண்டுபிடிப்பது கடினம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது நல்லது. முதல் வரிசையில் ஒரே ஒலியாகக் கேட்க வேண்டியது ‘த-டும்’ என்று இரண்டாகப் பிரிந்து கேட்டால் கால் பிந்துகிறது. பெரும்பாலும் பெடல் பீட்டரைத் தோலுக்கு வெகு தூரம் பின்னுக்கு இழுத்து அடிப்பதால் இந்த இடைவெளி வரும்; காலை முன்கூட்டி அவசரப்படுத்துவதைவிட, பீட்டரைச் சற்று அருகில் வைத்து மெதுவாக அழுத்துவதே பலன் தரும்.

எட்டாவது வரிசை முடிந்து முதல் வரிசைக்குத் திரும்பும் இடத்தையும் பதிவில் கவனிக்க வேண்டும். பார் கோட்டைக் கண்டதும் கண் தாளின் தொடக்கத்துக்குத் தாவுகிறது, அதற்குள் கை அரை வினாடி காத்திருக்கிறது. நான்கு பார்களைத் தொடர்ந்து வாசித்தால், ஐந்தாவது பாரின் ‘ஒன்’ சரியாக 16ஆவது வினாடியில் விழ வேண்டும். பிந்தினால், தவறு எட்டாவது வரிசைக்கும் முதல் வரிசைக்கும் இடையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கலாம்.