உடைந்து வந்த ஐஸ் பெட்டி: கடைக்காரருக்குப் புகார்க் கடிதம் எழுதுவது எப்படி?

பாம்பனில் நான் வைத்திருப்பது சின்ன ஜெராக்ஸ் கடை. தட்டச்சும் உண்டு. மனு, விண்ணப்பம், புகார் என்று எது எழுத வேண்டுமானாலும் அக்கம்பக்கத்தார் இங்கேதான் வருவார்கள். புகார்க் கடிதங்களில் பெரும்பாலானவை கோபத்தில் தொடங்கிக் கோபத்திலேயே முடியும். படிக்கிற கடைக்காரருக்கு எது உடைந்தது, நமக்கு என்ன வேண்டும் என்று கடைசி வரை தெரியாது.

2025 ஜூன் மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கடற்கரையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் கைக்கு வர வேண்டுமென்று, மதுரைக் கடை ஒன்றில் 200 லிட்டர் ஐஸ் பெட்டி வாங்கியிருந்தார். விலை 13,500 ரூபாய். லாரி பார்சலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே விரிசல். அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் இப்படி இருந்தது: “என்னை ஏமாற்றிவிட்டீர்கள். ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள். உடனே நல்ல முடிவு சொல்லவும்.” ஒவ்வொரு சொல்லும் நியாயம்தான். ஆனால் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடிதத்தை எப்படித் திருத்தி எழுதினோம் என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பெட்டியைத் தொடாதீர்கள்

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர். “பிசின் வைத்து ஒரு மணி நேரத்தில் அடைத்துத் தருகிறேன்” என்றாராம். நல்ல மனது. நல்ல வேளை, அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டியின் பிளாஸ்டிக்கில் படகுப் பிசின் சரியாகப் பிடிக்காது. அதைவிட, ஒட்டுப் போட்ட பெட்டியைப் பார்க்கிற கடைக்காரர், “நீங்களே கை வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அதில் மீன் ஏற்றவும் கூடாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வந்த பொருளைச் சொந்தப் பொருள்போலப் பயன்படுத்தினாலோ, வேண்டாமென்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதனால் இரண்டு மூன்று நாட்களுக்குள் எழுதிவிடுவது நல்லது.

படி 2: எங்கே உடைந்தது என்பதைச் சுற்றி வந்த சாக்கிடமே கேளுங்கள்

என் அனுபவத்தில் பாதிப் புகார்கள் சரிவது இந்த இடத்தில்தான். கடைக்காரர் தரும் முதல் பதில் எப்போதும், “நாங்கள் நன்றாகத்தான் அனுப்பினோம், லாரியில் உடைந்திருக்கும்” என்பதே. அதற்கு மறுமொழி மேலே சுற்றி வந்த அட்டையிலும் சாக்கிலும் இருக்கிறது. வழியில் அடிபட்டிருந்தால் பெட்டி உடைந்த இடத்துக்கு நேராக அட்டை நசுங்கியிருக்கும், சாக்கு கிழிந்திருக்கும். மேலே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே மட்டும் விரிசல் இருந்தால், கட்டும்போதே அது இருந்தது என்று வாதிட வலுவான இடம் கிடைக்கிறது.

அக்காவின் சாக்கில் தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை. விரிசல் இருந்ததோ பெட்டியின் உட்புறத் தரையில், தண்ணீர் வடிகிற துளையின் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி 11 சென்டிமீட்டர். வெளியிலிருந்து அடி விழ முடியாத இடம். அட்டையையும் சாக்கையும் அடுப்பெரிக்கப் போடாமல் வைத்திருந்ததற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கட்டு கிழிந்தே வந்தால் கதை வேறு. பார்சல் ஆபீஸில் கையெழுத்துப் போடும் முன், அவர்கள் வைத்துக்கொள்ளும் ரசீதிலேயே “கட்டு கிழிந்த நிலையில் பெறப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். லாரி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் நிலை வந்தால், சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அவர்களுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் உள்ளது. கடைக்காரருக்கு எழுதுகிற அன்றே லாரிக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால் கவலை இல்லை.

படி 3: பழுதை அளந்து காட்டுங்கள்

“ஒழுகுகிறது” என்பது குற்றச்சாட்டு. எவ்வளவு, எங்கே என்று காட்டினால்தான் அது ஆதாரம். நாங்கள் செய்தது எளிய சோதனை. முதலில் காலிப் பெட்டியை மீன் எடை போடும் தராசில் நிறுத்தோம்: 19.2 கிலோ. பிறகு சமதரையில் அன்றைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து, வடிகால் அடைப்பானை நன்றாக இறுக்கி, அரைப்பெட்டி நல்ல தண்ணீர் ஊற்றினோம். ஒரு மணி நேரத்தில் செய்தித்தாள் நடுவில் நனைந்துவிட்டது. நனைந்த பகுதியும் மேலே தேதியும் ஒரே படத்தில் வருமாறு எடுத்தோம். அடைப்பானைச் சுற்றிக் காய்ந்தே இருந்ததைத் தனியாக ஒரு படம். இல்லாவிட்டால், “சரியாக மூடவில்லை” என்பார்கள்.

தண்ணீரை வடித்து, துடைத்து, ஒரு நாள் கவிழ்த்துக் காயவைத்து மறுபடி நிறுத்தபோது 20.7 கிலோ. கூடுதலான ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது? விரிசல் வழியாகப் போய், இரட்டைச் சுவருக்கு நடுவே நுரை அடைத்த இடத்தில் தங்கிவிட்ட தண்ணீர் அது. வெயில் சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது அந்த நுரைதான். அதில் தண்ணீர் சேர்ந்தால் ஐஸ் நிற்காது. விரிசலை மேலே அடைத்தாலும் உள்ளே போன தண்ணீர் போகாது. பழுது பார்த்துத் தருகிறோம் என்று சொன்னால் ஏன் ஏற்க முடியாது என்பதற்கு இந்த ஒன்றரைக் கிலோ போதும்.

ஒரே ஒரு முறை சோதியுங்கள். அதற்குமேல் போனால் சோதனையே பழுதுக்குக் காரணம் என்பார்கள்.

படங்களில் பிரிக்காத கட்டு, அதன்மேல் லாரி ரசீது எண், அளவு நாடா வைத்த விரிசல், பெட்டியின் மாடல் எண் ஒட்டிய இடம் ஆகியவை இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் தெளிவு குறையும், எடுத்த நேரம் போன்ற விவரமும் படத்தோடு போகாது. ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலப் படத்தை போனிலிருந்து அழிக்காதீர்கள்.

படி 4: வேண்டியது என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மாற்றுப் பெட்டியா, பணமா, விலைக் குறைப்பா? மூன்றையும் கேட்டால் கடைக்காரர் தமக்கு மலிவானதைப் பிடித்துக்கொள்வார். ஒன்றைக் கேளுங்கள், அது நடக்காவிட்டால் அடுத்தது என்ன என்று சொல்லுங்கள், தேதி போடுங்கள். “உடனே” என்பது தேதி அல்ல.

மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் கேட்க வேண்டும் என்று அக்காவின் மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். முதல் கடிதத்தில் பெரிய தொகையைப் பார்த்ததும் கடைக்காரர் பேசுவதை நிறுத்திவிடுவார். ரசீது காட்ட முடிகிற செலவை மட்டும் கேட்டோம்: லாரி வாடகை 450 ரூபாய்.

பழுதான பெட்டியைத் திருப்பி அனுப்புகிற பொறுப்பும் நம்முடையது அல்ல. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்று அதே விற்பனைச் சட்டம் சொல்கிறது. நாம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: கடிதம்

இதெல்லாம் கையில் இருந்தால் எழுத அரை மணி நேரம் போதும். நாங்கள் அனுப்பியது இது:

> நாள்: 12.06.2025
>
> பொருள்: பில் எண் (…), 200 லிட்டர் ஐஸ் பெட்டி பழுதாக வந்தது – மாற்றுப் பெட்டி கோருதல்.
>
> ஐயா,
>
> மேற்கண்ட பில்லில் ரூ. 13,500 செலுத்தி வாங்கிய ஐஸ் பெட்டி, தாங்கள் பதிவு செய்த லாரியில் (ரசீது எண் …) 09.06.2025 அன்று வந்து சேர்ந்தது. அன்று மாலையே பிரித்தேன். உட்புறத் தரையில், வடிகால் துளையின் விளிம்பிலிருந்து 11 செ.மீ. நீளத்துக்கு விரிசல் உள்ளது. மேற்கட்டில் கிழிசலோ நசுங்கலோ இல்லை.
>
> 10.06.2025 அன்று அரைப்பெட்டி தண்ணீர் ஊற்றிச் சோதித்ததில் ஒரு மணி நேரத்தில் அடியில் கசிந்தது. சோதனைக்கு முன் 19.2 கிலோவாக இருந்த காலிப் பெட்டி, காயவைத்த பின் 20.7 கிலோ உள்ளது. சுவருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் பழுது பார்ப்பதை ஏற்க இயலாது. பெட்டியை நான் பயன்படுத்தவில்லை.
>
> இந்தப் பெட்டியை ஏற்க மறுக்கிறேன். 21.06.2025க்குள் இதே மாடலில் புதிய பெட்டியைத் தங்கள் செலவில் அனுப்பக் கோருகிறேன். இயலாவிடில் அதே தேதிக்குள் விலை ரூ. 13,500, லாரி வாடகை ரூ. 450, ஆக ரூ. 13,950 திருப்பித் தர வேண்டுகிறேன். பழுதான பெட்டியும் கட்டுப் பொருள்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.
>
> இணைப்பு: பில் நகல், லாரி ரசீது நகல், படங்கள் 7.

இதில் “ஏமாற்று” என்ற சொல் இல்லை, ஏழ்மையும் இல்லை. அவர் மறுக்க நினைத்தால் 11 சென்டிமீட்டரையும் ஒன்றரைக் கிலோவையும்தான் மறுக்க வேண்டும். “தாங்கள் பதிவு செய்த லாரி” என்பதும் காரணத்தோடுதான் இருக்கிறது. லாரியை நாமே ஏற்பாடு செய்திருந்தால் வழியில் நேரும் சேதம் நம் தலையில் விழ வாய்ப்பு அதிகம்.

படி 6: அனுப்புவது

அன்றே வாட்ஸ்அப்பில் ஒன்று, தபாலில் ஒன்று. நாங்கள் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் பிறகு அதே ஆண்டிலேயே பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. இப்போது போகிறவர்கள் பெற்றதற்கான ஒப்புகை வேண்டுமென்று கவுன்டரில் சொல்லிக் கேட்க வேண்டும். போனில் பேசினால், பேசியதைச் சுருக்கமாக எழுதி அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

தேதி கடந்தும் பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். “வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல” என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தலையில் கூடை சுமந்து மீன் விற்பவர் அதில் வருவார். பத்து ஆள் வைத்து ஏற்றுமதி செய்பவர் அதைச் சொல்லித் தப்புவது கடினம்.

அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள், எதிர்பார்த்தபடியே, “லாரியில் உடைந்திருக்கும்” என்று பதில் வந்தது. தையல் பிரியாத சாக்கின் படத்தை மட்டும் மறுபடி அனுப்பினோம். வேறெதுவும் எழுதவில்லை. 20ஆம் தேதி புதுப் பெட்டி வந்தது. பார்சல் ஆபீஸிலேயே சாக்கைப் பிரித்து, டார்ச் அடித்து வடிகால் துளையைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.