பனியன் கம்பெனி கியூசியிலிருந்து டெஸ்டிங்குக்கு மாற மூன்றே வரி

திருப்பூரில் கியூசி பார்த்தவர் கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு மாற நினைத்தால், ஆள் எடுக்கும் மேனேஜருக்கு இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் சார், 6 வருடமாக எக்ஸ்போர்ட் பீஸ்களில் வரும் குறைகளை கிரிட்டிக்கல், மேஜர், மைனர் எனப் பிரித்து, எந்த மெஷினில் எதனால் வந்தது என்று ரிப்போர்ட் எழுதி வருகிறேன். மேனுவல் டெஸ்டர் வேலைக்காக, உங்கள் ஆப்பில் கண்ட ஒரு பிழையை பக் ரிப்போர்ட்டாக எழுதி இணைத்திருக்கிறேன். பத்து நிமிடம் பேச முடியுங்களா?”

முதல் வரியில்தான் விஷயமே இருக்கிறது. டெஸ்டிங்கிலும் பிழையின் தீவிரத்தைப் பெரும்பாலும் இதே பெயர்களில்தான் பிரிப்பார்கள். படிப்பவருக்குச் சட்டென்று பிடிபடும். ஜிஎஸ்எம் கட்டர் கதையெல்லாம் அவருக்குப் புரியாது, விட்டுவிடுங்கள். பக் ரிப்போர்ட்டில், நீங்கள் செய்த படிகள், வரவேண்டிய முடிவு, வந்த முடிவு மூன்றும் இருக்கட்டும். கோடிங் கேட்கும் ஆட்டோமேஷன் வேலைக்கு மட்டும் இது எடுபடாது.