‘ஓ பாசிட்டிவ்’ அட்டையை எப்போது நம்பக்கூடாது: பாம்பே குழுவைக் கண்டுபிடிக்கும் முறை

ரத்த வங்கியில் எனக்கு அன்று இரவு டியூட்டி. பதினொரு மணிக்கு ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு யூனிட் கேட்டு சீட்டு வந்தது. முகாமில் கண்ணாடி ஸ்லைடில் பார்த்துக் கொடுத்த அட்டையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்றிருந்தது. ஃபிரிட்ஜில் ஓ பாசிட்டிவ் ஆறு பை இருந்தது. ஆறையும் அவருடைய சீரத்தோடு சேர்த்து, ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் போட்டேன். ஒன்றுகூட ஒத்துவரவில்லை.

நம் சிவப்பணுவின் மேல் ‘ஹெச்’ என்றொரு அடிப்படைப் பொருள் இருக்கிறது. அதன்மேல் ஒரு சர்க்கரை ஏறினால் ஏ, வேறொன்று ஏறினால் பி. எதுவும் ஏறாமல் ஹெச் வெறுமனே நின்றால் ஓ. சிலருக்கு அந்த ஹெச்சே உருவாவதில்லை. 1952-ல் மும்பையில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் இதை முதலில் விவரித்தார்கள். அதனால்தான் பாம்பே குழு என்று பெயர். இவர்களின் உடல் ஹெச்சை அந்நியமாகப் பார்த்து, எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். ஹெச் அதிகமாக இருப்பது ஓ ரத்தத்தில்தான். ‘யாருக்கும் ஏற்றலாம்’ என்று நாம் அவசரத்துக்கு எடுக்கும் ஓ நெகட்டிவ்கூட இவர்கள் உடலில் ஏறினால் உடைந்துபோகும்.

படி 1: இரண்டு பக்கமும் பாருங்கள்

ஸ்லைடில் செய்வது ஒரு பக்கச் சோதனைதான். நோயாளியின் செல்லோடு ஆன்டி-ஏ, ஆன்டி-பி என்ற எதிர்ப்பொருள்களைச் சேர்க்கிறோம். ஏ, பி இரண்டும் இல்லாததால் கட்டி சேராது, ‘ஓ’ என்று எழுதிவிடுகிறோம். பாம்பே குழு நழுவிப்போவது இந்த இடத்தில்தான்.

மறுபக்கத்துக்கு நான்கு டியூப் எடுங்கள். ஒவ்வொன்றிலும் நோயாளியின் சீரம் இரண்டு சொட்டு. முதல் மூன்றில் முறையே ஏ செல், பி செல், ஓ செல் ஒரு சொட்டு. நான்காவதில் நோயாளியின் சொந்த செல். செல்களைச் சலைனில் கழுவி, சுமார் 5 சதவீதக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்து, மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

சாதாரண ஓ ஆளுக்கு ஏ, பி டியூப்கள் மட்டும் கட்டி சேரும். அன்று எனக்கு ஓ டியூபிலும் செல்கள் ஒரே உருண்டையாக ஒட்டிக்கொண்டு எழுந்தன. ஓ செல் டியூபைப் போடாமல் ஏ, பி மட்டும் பார்க்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

கட்டி இல்லாமல் மேலே நிற்கும் நீர் சிவந்திருந்தால், செல் உடைந்திருக்கிறது என்று பொருள். அதுவும் பாசிட்டிவ்தான், புதிதாக வருபவர்கள் அதை நெகட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். ஈ.டி.டி.ஏ. பிளாஸ்மாவில் இந்த உடைப்பு தெரியாது. சீரமே வேண்டும்.

படி 2: வேறு காரணங்களை விலக்குங்கள்

நான்காவது டியூபைப் பாருங்கள். சொந்த செல்லும் கட்டி சேர்ந்தால், குளிரில் வேலை செய்யும் தன்எதிர்ப்பொருளாக இருக்கலாம். அந்தப் பெண்ணின் நான்காவது டியூபில் கட்டி எதுவும் இல்லை.

அப்புறம் ஆன்டி-ஹெச் லெக்டின். ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது, ஹெச்சோடு ஒட்டும். சாதாரண ஓ செல்லைப் பலமாகக் கட்டி சேர்க்கும். பக்கத்திலேயே தெரிந்த ஓ செல் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். அது கட்டி சேராவிட்டால் உங்கள் லெக்டின்தான் கெட்டிருக்கிறது. அன்று ஓ செல் கட்டி சேர்ந்தது, அந்தப் பெண்ணின் செல் சேரவில்லை. பாம்பே குழு, ஆர்.எச். பாசிட்டிவ் என்று எழுதி, உடனே மருத்துவருக்குப் போன் செய்தேன். ‘ஓ தராதீர்கள்’ என்பதுதான் முதல் வாக்கியம்.

படி 3: ரத்தம் தேடும் வரிசை

முதலில் உடன்பிறந்தவர்கள். பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவை ஒவ்வொன்று சுமந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பமா என்றும் கேளுங்கள். அங்கே இரண்டு பக்கமும் அதே மரபணு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்ணின் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன். அண்ணன் சாதாரண ஓ. தம்பி பாம்பே. திருப்பூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஆனால் தம்பி ஒரு யூனிட்தான் தர முடியும். ஆணுக்கு அடுத்த தானத்துக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இரண்டாவது யூனிட்டுக்குப் பாம்பே குழு டோனர் பட்டியல் வைத்திருக்கும் ரத்த வங்கிகளையும் தன்னார்வ அமைப்புகளையும் கேட்டோம். இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று சொல்வார்கள். யாரும் பையாக வைத்திருப்பது அரிது, ஏனென்றால் சாதாரணப் பையில் சிவப்பணு 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். கிடைப்பது பெரும்பாலும் ஆள். அவர் வந்து சேர்ந்து, தானம் கொடுத்து, சோதனைகள் முடிய நேரமாகும். அதுவரை காத்திருக்கலாமா, ரத்தக்கசிவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது மருத்துவர் முடிவு.

நல்லவேளையாக அந்தப் பெண்ணுக்கு சிசேரியன் மறுநாள் மதியம்தான். தம்பியின் யூனிட்டையும் மறக்காமல் கிராஸ் மேட்ச் போட்டுத்தான் அனுப்பினேன். டிஸ்சார்ஜ் அன்று பழைய அட்டையை வாங்கிக் கிழித்துவிட்டு, புதியதில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: ‘பாம்பே குழு. ஓ ரத்தம் ஏற்றக்கூடாது.’