அந்த 8 செடி எங்கே போச்சு? கருத்தரங்கக் கேள்விகளுக்குத் தயாராகும்போது செய்யும் தவறுகள்

அக்கா மகள் சேலத்தில் ஒரு கருத்தரங்கில் பேசினாள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கும் தண்டுத் துளைப்பான் வண்டின் தாக்குதலுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வு. முந்தின வாரம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தவள், "என்னென்ன கேட்பாங்கன்னு எழுதி வெச்சிருக்கேன் மாமா" என்று ஒரு தாளை நீட்டினாள். இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், இதனால் விவசாயிக்கு என்ன பயன்?

முதல் தவறு இதுதான். இந்த மூன்றையும் யாருடைய ஆய்வைப் பார்த்தும் கேட்கலாம். உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் வரும். வியர்க்க வைக்கும் கேள்வி நாம் எழுதி வைத்த வரியிலிருந்தே கிளம்பும். அதனால் தாளை மடித்து வைத்துவிட்டு, ஆய்வுச் சுருக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அடிக்கோடு போடச் சொன்னேன். அப்புறம் அது எந்த ஸ்லைடில் வருகிறது என்று பக்கத்தில் எண் போட வேண்டும். (விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

சுருக்கத்தில் இப்படி இருந்தது: "180 செடிகளில் ஆய்வு செய்ததில், நிழல் தாக்குதலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது." ஏழாவது ஸ்லைடில் அட்டவணை. நிழலில் 82 செடி, 9 தாக்கப்பட்டவை, 11 சதவீதம். திறந்தவெளியில் 90 செடி, 27 தாக்கப்பட்டவை, 30 சதவீதம். கூட்டினால் 172.

"மிச்சம் 8 செடி எங்கே போச்சு?"

"அது நிழல் பகுதியில இருந்தது, தோட்டக்காரர் பிடுங்கிட்டார் மாமா. அதனால கணக்குல சேர்க்கலை."

ஏன் பிடுங்கினார்? இந்த வண்டின் புழு தண்டுக்குள் சுரங்கம் போடும், பட்டையில் மேடு தட்டும். அப்படித் தெரிகிற செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுவது தோட்டங்களில் வழக்கம். அப்படியானால் அந்த 8 செடியும் தாக்கப்பட்டவையாகவே இருக்கலாம். அவற்றையும் சேர்த்தால் நிழலில் 90-க்கு 17, அதாவது 19 சதவீதம். நிழல் இன்னும் நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்காகக் குறையவில்லை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் குறைகிறது. இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும், அர்த்தம் வேறு. கூட்டல் தெரிந்த யாரும் அரங்கில் இதைப் பிடித்துவிடுவார்கள். சுருக்கத்தை மாதக்கணக்கு முன்னால் அனுப்பிவிட்டு ஸ்லைடை நேற்று செய்தால் இந்த மாதிரி விரிசல் விழத்தான் செய்யும். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பவர் கண்ணில் அது படாது.

"குறைக்கிறது" என்ற சொல்லுக்கும் அடிக்கோடு இருந்தது. நிழல்தான் குறைத்ததா, வேறு ஏதாவதா? விடை இரண்டாவது ஸ்லைடின் படத்திலேயே இருந்தது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், அதன் கீழே காபிச் செடிகள், தண்டெல்லாம் வெள்ளை வெளேரென்று. சுண்ணாம்பு! வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்காமலிருக்க 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் பூசுவார்கள். நிழல் பகுதியில் மட்டும் பூசியிருந்தால் மொத்த முடிவும் ஆட்டம் காணும். அவள் அந்தப் படத்தை அழகுக்காக வைத்திருந்தாள். படத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைப்பது எனக்குத் தெரிந்து எல்லாரும் செய்கிற தவறு. முன்வரிசையில் உட்காரும் தோட்டக்காரர் அட்டவணையைப் பார்ப்பாரோ மாட்டாரோ, படத்தைப் பார்ப்பார். நல்லவேளை, விசாரித்ததில் இரண்டு பகுதியிலும் பூசியிருந்தார்கள்.

விடை தயாரிப்பதிலும் ஒன்று கவனித்தேன். 8 செடிக்கு அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள், பாதிக்கு மேல் சமாதானம். அதை இரண்டு வாக்கியமாக்கினோம்: "8 செடிகள் எண்ணும் முன்பே பிடுங்கப்பட்டன. அனைத்தும் தாக்கப்பட்டவை என்று கொண்டாலும் 30-க்கு எதிராக 19 சதவீதம்." அந்தக் கணக்கை ஒரு ஸ்லைடாக்கி 'நன்றி'க்குப் பின்னால் வைத்தாள். பேச்சிலும் "குறைக்கிறது" என்பதை "நிழலில் குறைவாக இருந்தது" என்று மாற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு 8 செடி வந்தது, சமாளித்துவிட்டாள். சுண்ணாம்பும் வந்தது. அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, "எந்த மாசம்மா எண்ணினீங்க?" என்றார். வண்டு ஏப்ரல்-மே ஒருமுறை, அக்டோபருக்குப் பிறகு ஒருமுறை வெளியே வரும், எண்ணும் மாதத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். எந்த ஸ்லைடிலும் மாதம் இல்லை. இருந்த சொற்களுக்கெல்லாம் கோடு போட்டோம், இல்லாததற்கு எங்கே போடுவது? "ஜனவரியில், ஒரே தடவைதான் எண்ணினேன் ஐயா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.