ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்பது பழைய காலத்து யோசனை. அப்போதைய சில டிரைவ்களில் எப்போதாவது பலித்திருக்கலாம். இன்று பெரும்பாலும் கெடுதல்தான்.

வெளியே எடுத்ததும் குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் படியும். பெரும்பாலான டிரைவ்களில் காற்று போய்வர சிறு துளை உண்டு என்பதால், உள்ளே டேட்டா பதிந்திருக்கும் தட்டின் மேலும் நீர் பனிக்கலாம். தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். அந்த இடைவெளியில் நீர்த்துளி மலை மாதிரி! ஹெட் மோதி காந்தப்பூச்சைச் சுரண்டிவிட்டால், அங்கிருந்த டேட்டாவை எந்த லேபும் மீட்க முடியாது.

'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே ஃப்ரீசரில் வைத்துவிட்டீர்களா? சரி, ஆன் செய்யாமல் அப்படியே மீட்பு லேபுக்குக் கொண்டுபோய், வைத்த விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.