முதல் வருட விலையைப் பார்த்து பிராட்பேண்ட் போடாதீர்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து பிளானைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தத் தொகையில் பெரும்பாலும் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்காது. அது சலுகைக் கட்டணமாக இருந்தால், பதின்மூன்றாம் மாதம் பில் ஏறும். அதனால் எப்போதும் 24 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு பிளான்களை எடுத்துக்கொள்வோம். முதல் பிளானில் ஓராண்டுக்கு மாதம் 499 ரூபாய், பிறகு 799, இணைப்புக் கட்டணம் 1,000. இரண்டாவதில் எப்போதும் 629, இணைப்பு இலவசம். வரியோடு சேர்த்தால் முதல் ஆண்டில் முன்னதற்கு 8,246 ரூபாய், பின்னதற்கு 8,907. 499 ரூபாய் பிளான்தான் லாபம் என்று தோன்றும். இரண்டு ஆண்டு முடிவில் அதே பிளானுக்கு 19,560 ஆகியிருக்கும். 629 ரூபாய் பிளானுக்கு 17,813தான். சலுகை முடிந்த பிறகு என்ன கட்டணம் என்று கேட்டு, பதிலை மெசேஜிலோ மெயிலிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இணைப்பு கொடுக்க வருபவர் கேட்கும் பணத்தில் எது கட்டணம், எது ரவுட்டருக்கான டெபாசிட் என்று பிரித்து ரசீது வாங்குங்கள். டெபாசிட் திரும்பி வர வேண்டிய பணம்; ரசீதில் அந்தச் சொல் இல்லாவிட்டால் பின்னால் கேட்டு வாங்குவது கஷ்டம்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். பல பிளான்களில் மாதம் 3,300 ஜி.பி. வரைதான் முழு வேகம். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஆனால் வரம்பு 500 ஜி.பி. என்றால் யோசிக்க வேண்டும். எச்.டி. வீடியோ மணிக்குச் சுமார் 3 ஜி.பி. எடுக்கும். இரண்டு டிவி, தலா நாலு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 24 ஜி.பி.; 21ஆம் தேதியே வரம்பு தாண்டிவிடும். அதற்குப் பிறகு கிடைக்கும் வேகம் 2 எம்.பி.பி.எஸ். என்றால் எச்.டி. படம் நின்று நின்றுதான் ஓடும். வரம்புக்குப் பிறகு என்ன வேகம் என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

வேகத்தைச் சோதிக்கும்போது போனில், வைஃபையில் பார்த்துவிட்டு கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. சுவர் தாண்டினாலே வைஃபை வேகம் விழும். லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் சொருகி, எல்லோரும் பயன்படுத்தும் இரவு 9 மணிக்குப் பாருங்கள். வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவு மெகாபைட்டில்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு 12.5 எம்.பி.தான் இறங்கும், 1 ஜி.பி. கோப்புக்கு 80 நொடிக்கு மேல் ஆகும். 300 எம்.பி.பி.எஸ். பிளான் எடுத்தும் எந்நேரமும் 94ஐத் தாண்டவில்லையா? பெரும்பாலும் லைனில் குறை இருக்காது. ரவுட்டரிலோ லேப்டாப்பிலோ இருக்கும் லேன் போர்ட் 100 வரை மட்டுமே தரும் பழைய வகையாக இருக்கும். இல்லையென்றால் கேபிளின் எட்டு கம்பிகளில் நான்கை மட்டும் இணைத்திருப்பார்கள். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கம்பிகளை எண்ணிவிடலாம்.